நேர்காணலுக்கு முன்பே ரெஃபரன்ஸ் கேட்கும் கன்சல்டன்சிக்கு எப்படிப் பதில் எழுதுவது?

கோத்தகிரி_இலை (செவ்வாய், இரவு 9.10)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம், சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தேயிலை தயாரிக்கும் ஒரு பாட்லீஃப் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். கோயம்புத்தூரில் தேயிலையைக் கலந்து பாக்கெட் போடும் ஒரு நிறுவனத்துக்கு ஆள் தேவை என்று சொல்லி, பெங்களூரில் உள்ள ஒரு கன்சல்டன்சியிலிருந்து ஒரு பெண்மணி போன வாரம் தொலைபேசியில் இருபது நிமிடம் பேசினார். வேலை எனக்குப் பொருத்தமாகவே தெரிகிறது. ஆனால் இன்று காலை அவரிடமிருந்து வந்த மின்னஞ்சல் என்னைக் குழப்பத்தில் ஆழ்த்திவிட்டது. மூன்று ரெஃபரன்ஸ் வேண்டுமாம். ஒவ்வொருவரின் பெயர், பதவி, கைபேசி எண், அலுவலக மின்னஞ்சல் ஆகியவற்றை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். அவர்களில் ஒருவர் என் தற்போதைய மேலாளராக இருக்க வேண்டுமாம். அவை கிடைத்த பிறகுதான் என் விவரங்களை நிறுவனத்துக்கு அனுப்புவார்களாம்.

நான் வேறு வேலை பார்ப்பது என் மேலாளருக்குத் தெரியாது. நம் மலையில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். குன்னூர் ஏலத்தைச் சுற்றி இருக்கும் தரகர்களும் வாங்குபவர்களும் தொழிற்சாலைக்காரர்களும் வாரந்தோறும் பேசிக்கொள்கிறார்கள். வியாழக்கிழமை ஒருவருக்கு அழைப்பு போனால் வெள்ளி மாலைக்குள் எங்கள் இலை ஏஜெண்டு வரை செய்தி வந்துவிடும். அதே சமயம், ஒன்றும் அனுப்ப மாட்டேன் என்று எழுதி வாய்ப்பை இழக்கவும் விருப்பமில்லை. எப்போது தருவது, எப்படித் தருவது, அதை எந்தச் சொற்களில் எழுதுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஊட்டி_மார்க்கெட் (செவ்வாய், இரவு 9.48)

ரெஃபரன்ஸ் இருந்தால் வேலை பாதி கிடைத்த மாதிரிதான், சகோதரி. தயங்காமல் கொடுங்கள். என் மைத்துனர் சேர்ந்தபோது உள்ளே இருந்த நண்பரின் பெயரைப் போட்டார். நேர்காணலில் அதிகம் கேட்கவே இல்லை. கோயம்புத்தூர் நிறுவனத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர் பெயரை முதலில் போடுங்கள்.

கோத்தகிரி_இலை (செவ்வாய், இரவு 10.05)

நன்றி, அண்ணா. நீங்கள் சொல்வது உள்ளே இருப்பவர் நமக்காகச் சிபாரிசு செய்வது. இவர்கள் கேட்பது வேறு. நான் எப்படி வேலை செய்தேன் என்று என் பழைய, தற்போதைய மேலாளர்களிடம் விசாரிப்பதற்காக அவர்களுடைய எண்களைக் கேட்கிறார்கள்.

கூடலூர்_தம்பி (செவ்வாய், இரவு 11.20)

அக்கா, ஆஃபர் லெட்டர் கையில் வரும் வரை ஒரு எண்ணைக்கூடக் கொடுக்காதீர்கள். நான் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். இப்போது வீட்டிலிருந்தே வேலை. மூன்று முறை நிறுவனம் மாறியிருக்கிறேன். மூன்று முறையும் ஆஃபர் வந்த பிறகுதான் சரிபார்ப்பு நடந்தது. அதுவும் ஒரு தனி ஏஜென்சி செய்தது. ரிலீவிங் லெட்டர், படிவம் 16, வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பணிக்கால விவரம் ஆகியவற்றைப் பார்த்தார்கள். பழைய நிறுவனத்தின் எச்.ஆர். முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஆகவே நீங்களும் எச்.ஆர். மின்னஞ்சலை மட்டும் கொடுத்தால் போதும். மேலும், 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மற்றவர்களுடைய எண்ணை இப்படிக் கேட்பதே குற்றம். அதைச் சுட்டிக்காட்டி எழுதினால் அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள்.

சிம்ஸ்பார்க்_ஓரம் (புதன், காலை 6.40)

கோயம்புத்தூரில் ஒரு ஆள்சேர்ப்பு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது குன்னூரில் மனிதவளத் துறையில் இருக்கிறேன். இந்த மின்னஞ்சலை அனுப்பும் பக்கத்திலும் பெறும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தம்பி சொன்னதில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவர் கண்டது பணிச் சரிபார்ப்பு. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன பதவியில் இருந்தார் என்பதைக் காகிதத்தாலும் எச்.ஆர். மூலமாகவும் உறுதி செய்வது அது. அது பெரும்பாலும் ஆஃபருக்குப் பிறகு நடப்பதும் உண்மை. ரெஃபரன்ஸ் என்பது உங்களுடன் வேலை பார்த்தவரின் கருத்தைக் கேட்பது. ஒரு கலவையில் தவறு நேர்ந்தால் நீங்கள் அதை ஒப்புக்கொள்வீர்களா, கீழே இருப்பவர்களை எப்படி நடத்துவீர்கள், மறுபடியும் உங்களை வேலைக்கு எடுப்பாரா என்றெல்லாம் கேட்பார்கள். இதற்கு எச்.ஆர். முகவரி பயன்படாது. பாட்லீஃப் தொழிற்சாலைகளில் பல இடங்களில் எச்.ஆர். என்று தனியாக ஒருவரே இருப்பதில்லை, மேலாளரே எல்லாம். சகோதரியிடம் கேட்டிருப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். இதை நிறுவனங்கள் பெரும்பாலும் கடைசிச் சுற்று நேர்காணலுக்குப் பிறகு, ஒரே ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுத்துவிட்ட நிலையில், ஆஃபர் எழுதுவதற்கு முன் செய்கின்றன. எனவே ஆஃபர் வரும் வரை தரவே மாட்டேன் என்பது சில இடங்களில் ஆஃபரையே தடுத்துவிடும்.

சட்டத்தை இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன; நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதுவும், ரெஃபரன்ஸ் கேட்பதே குற்றம் என்று அது சொல்லவில்லை. அறிமுகமே இல்லாத ஒருவருக்கு முதல் பதிலில் சட்டப் பிரிவை எழுதினால், அவர் உங்களுடைய கோப்பை மூடிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். அவர் ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெயர் சொல்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதும், தற்போதைய வேலையில் ரகசியம் காக்க வேண்டும் என்பதும் எந்த ரெக்ரூட்டருக்கும் புரியும் காரணங்கள்.

இனி, நிறுவனத்துக்கு உங்கள் விவரம் போவதற்கு முன்பே ஏன் கேட்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். மூன்று காரணங்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். சில கன்சல்டன்சிகளின் கணினியில் அந்தக் கட்டம் நிரம்பாமல் கோப்பு நகராது. கேட்பவருக்கே ஏன் என்று தெரியாது. சில இடங்களில் வாடிக்கையாளர் நிறுவனமே அப்படி ஒரு படிவம் கொடுத்திருக்கும். மூன்றாவது காரணத்தைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் மேலாளர்கள் அந்தத் துறையில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். அவர்களுக்குப் போன் செய்து உங்களைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, உங்கள் தொழிற்சாலைக்கு ஆள் தேவையா என்று கேட்கலாம். சில வேளைகளில் அந்த மேலாளரையே வேறு வேலைக்கு அழைக்கலாம். நான் இருந்த இடத்திலும் இப்படிச் செய்யச் சொன்னார்கள். நான் அங்கிருந்து விலகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் எது உங்களுடைய நிலை என்பதை ஒரே ஒரு கேள்வியால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். எந்தக் கட்டத்தில், யார் அழைப்பார்கள் என்று கேளுங்கள். கடைசிச் சுற்றுக்குப் பிறகு நிறுவனத்தின் எச்.ஆர். அழைப்பார் என்றால் கவலை குறைவு. எண்கள் இப்போது தேவையில்லை என்பதும் அந்தப் பதிலிலேயே வந்துவிடுகிறது. நாங்களே இந்த வாரம் பேசிவிடுவோம் என்றால், இன்னும் நேர்காணலே நடக்காத ஒருவரைப் பற்றி என்ன விசாரிக்கப் போகிறார்கள் என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

பதிலை நான் இப்படி எழுதுவேன். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். பொருள் மாறாமல் இருந்தால் போதும்.

> அன்புடையீர், இந்தப் பணிக்கு என் பெயரைப் பரிசீலிப்பதற்கு நன்றி. என் விவரங்களை நிறுவனத்துக்கு அனுப்ப எனக்குச் சம்மதம். ரெஃபரன்ஸ் தர இருவர் இருக்கிறார்கள்: ஒருவர் என் முந்தைய தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகள் எனக்கு மேலாளராக இருந்தவர், மற்றவர் எங்கள் தேயிலையை ஆறு ஆண்டுகளாக மதிப்பிட்டு வரும் தரகு நிறுவனத்தின் டீ டேஸ்டர். கடைசிச் சுற்று நேர்காணல் முடிந்து, நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுக்கக் கருதும் நிலையில் தாங்கள் தெரிவித்தால், அவர்களிடம் சொல்லிவிட்டு, ஒரு வேலை நாளுக்குள் அவர்களுடைய தொடர்பு விவரங்களை அனுப்புகிறேன். நான் வேலை தேடுவது என் தற்போதைய நிறுவனத்துக்குத் தெரியாது. ஆகவே எழுத்துப்பூர்வமான ஆஃபரை நான் ஏற்பதற்கு முன் அங்கு யாரையும் தொடர்பு கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அழைப்பது தங்கள் அலுவலகமா நிறுவனமா என்பதையும், தொலைபேசியிலா படிவம் மூலமா என்பதையும் தெரிவித்தால் அவர்களைத் தயார்ப்படுத்த உதவியாக இருக்கும்.

இதில் மறுப்பு என்று ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கோப்பில் எழுதிக்கொள்ள வேண்டியது எல்லாம் இருக்கிறது: எத்தனை பேர், எந்த உறவில், எவ்வளவு காலம் தெரிந்தவர்கள், எப்போது கிடைப்பார்கள். இல்லாதவை பெயரும் எண்ணும் மட்டுமே. டேஸ்டரைச் சொல்வதற்கு முன் அவர் உங்கள் மேலாளருக்கு எவ்வளவு நெருக்கம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதை உங்களால்தான் சொல்ல முடியும்.

கொடை_ஆசிரியை (புதன், மாலை 4.15)

என் அனுபவம் இதற்கு நேர் எதிரானது என்பதால் எழுதுகிறேன். கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் பணிபுரிகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் உள்ள, இங்கிலாந்துப் பாடத்திட்டம் பின்பற்றும் ஒரு பள்ளிக்கு விண்ணப்பித்தேன். மேலே ஐயா எழுதியது போலவே, கடைசிச் சுற்றுக்குப் பிறகு தருகிறேன் என்று மிகவும் பணிவாக எழுதினேன். அவர்கள் நேர்காணலுக்கே அழைக்கவில்லை. பிறகுதான் அறிந்தேன்: இங்கிலாந்தில் பள்ளிகளுக்கான குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டுதலின்படி ரெஃபரன்ஸை நேர்காணலுக்கு முன்பே பெறுவதுதான் முறை, வேலையில் இருப்பவர் என்றால் தற்போதைய பள்ளியிடமிருந்து பெற வேண்டும், ‘சம்பந்தப்பட்டவருக்கு’ என்று பொதுவாக எழுதி நாமே கொண்டுபோகும் சான்றிதழை ஏற்கக் கூடாது. வெளிநாடுகளில் உள்ள பல பள்ளிகளும் அதையே பின்பற்றுகின்றன. குழந்தைகளுக்குத் தீங்கு செய்த ஒருவர் பள்ளி மாறி மாறித் தப்பிவிடக் கூடாது என்பதற்காக வந்த முறை அது. அதனால் எனக்கு அதில் மனக்குறை இல்லை.

அடுத்த ஆண்டு, விண்ணப்பம் எழுதும் முன்பே எங்கள் முதல்வரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் சற்று வருந்தினார். ஆனால் ரெஃபரன்ஸ் தர ஒப்புக்கொண்டார். ஆகவே, சகோதரி தன் மேலாளரிடம் நேராகச் சொல்லிவிடுவதுதான் நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

சிம்ஸ்பார்க்_ஓரம் (புதன், மாலை 5.30)

பள்ளிகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அம்மா. நான் அதைக் குறிப்பிடாமல் விட்டது தவறு. ஆசிரியர், விடுதிக் காப்பாளர் வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் யாரும் என் மாதிரிக் கடிதத்தை அப்படியே எடுத்து அனுப்ப வேண்டாம். அங்கே கேட்க வேண்டிய ஒரே சலுகை, நேர்காணலுக்குத் தேர்வான பிறகு, அதற்குச் சில நாட்கள் முன்பாக முதல்வரைத் தொடர்பு கொள்ளுங்கள் என்பதுதான். அதையும் பல பள்ளிகள் ஏற்கும்.

ஆனால் தேயிலைத் தொழிற்சாலை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பள்ளிக்கு ஆண்டு முடிவு என்று ஒன்று உண்டு. ஒருவர் போகப்போகிறார் என்றால் அடுத்த ஆண்டுக்கு ஆள் தேடிக்கொள்வார்கள். தொழிற்சாலையில் அப்படி ஒரு கெடு இல்லை. இந்த வேலை கிடைக்காமல் போனால் சகோதரி அதே அறையில் அதே மேலாளரின் கீழ் இன்னும் பல ஆண்டுகள் இருக்க வேண்டிவரும்.

கொடை_ஆசிரியை (புதன், இரவு 8.02)

இருக்கலாம், ஐயா. ஆனால் சகோதரியே சொன்னபடி ஒரு நாளில் செய்தி பரவும் ஊரில், பிறர் வாயால் கேட்பதைவிட நம் வாயால் கேட்டால் மேலாளருக்குக் கோபம் குறைவாக இருக்கும் என்றே இன்னும் நினைக்கிறேன்.

கோத்தகிரி_இலை (புதன், இரவு 9.25)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா சொல்வதை இரவு முழுதும் யோசிப்பேன். ஆனால் என் மேலாளரின் குணத்தை அறிந்தவள் என்ற முறையில் இப்போதைக்குச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. இன்னொரு சிக்கல்: கன்சல்டன்சி ஒரு இணையப் படிவத்தின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறது. அதில் ரெஃபரன்ஸ் தருபவரின் கைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கம் இட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கிறது. மின்னஞ்சலில் எவ்வளவு பணிவாக எழுதினாலும் படிவம் விடவில்லை என்றால் என்ன செய்வது?

கூடலூர்_தம்பி (புதன், இரவு 9.40)

பத்து பூஜ்ஜியம் போட்டு விடுங்கள், அக்கா. நான் அப்படித்தான் செய்வேன்.

சிம்ஸ்பார்க்_ஓரம் (வியாழன், காலை 6.15)

பூஜ்ஜியம் போடுவது எனக்கு உடன்பாடில்லை. படிவத்தின் முடிவில் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே பொய்யான எண் இருப்பது பின்னால் சங்கடம் தரலாம். பெயருக்கான கட்டத்தில் ‘நேர்காணலுக்குப் பின் தரப்படும்’ என்று எழுதி, எண்ணுக்கான கட்டத்தில் உங்கள் சொந்த எண்ணையே இடுங்கள். தவறுதலாக யாராவது அழைத்தாலும் உங்களிடமே வரும். அப்படிச் செய்திருப்பதை மின்னஞ்சலில் ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டால் அது ஒளிவுமறைவும் ஆகாது. இதையும் தவறு என்று கருதும் எச்.ஆர். நண்பர்கள் எனக்கு உண்டு. படிவத்தை நிரப்பாமல் நிறுத்திவிட்டு, விலக்குக் கேட்டு எழுத வேண்டும் என்பார்கள். நேரம் இருந்தால் அது இன்னும் சுத்தமான வழிதான்.

இன்னொன்று, மிகவும் முக்கியம். ரெஃபரன்ஸ் தருபவர்களின் எண்களைப் பயோடேட்டாவின் அடியில் அச்சிட்டு வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பை வேலைவாய்ப்புத் தளங்களில் ஏற்றியிருந்தால், பணம் கட்டிய எந்த நிறுவனமும் அதை இறக்கிப் பார்க்கலாம். உங்கள் மின்னஞ்சலில் எவ்வளவு கவனமாக எழுதினாலும் அதனால் பயன் இல்லாமல் போகும்.

கோத்தகிரி_இலை (வியாழன், காலை 7.50)

ஐயா, பயோடேட்டாவின் கடைசிப் பக்கத்தில் இருவருடைய எண்களும் இருந்தன. கல்லூரியில் கற்றுத்தந்தபடி அப்படியே வைத்திருந்தேன். இரண்டு தளங்களிலிருந்தும் இப்போதுதான் மாற்றினேன். கன்சல்டன்சிக்கும் திருத்திய கோப்பை அனுப்பிவிட்டேன். முதலில் அனுப்பியது அவர்களிடம் இருக்கத்தான் செய்யும்.

சிம்ஸ்பார்க்_ஓரம் (வியாழன், காலை 8.05)

அப்படியென்றால் அந்த இருவருக்கும் இன்றே தகவல் சொல்லிவிடுங்கள். அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், அவர்கள் திகைத்து நிற்கக் கூடாது.

ஓய்வுபெற்ற_மேனேஜர் (வியாழன், பகல் 2.30)

முப்பத்தோரு ஆண்டுகள் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருந்து ஓய்வு பெற்றவன். என் கீழ் வேலை பார்த்த பிள்ளைகள் இன்றும் என் பெயரைக் கொடுக்கிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பெயர் கொடுக்கப்படுகிறவன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

பெயரைக் கொடுத்த பையனிடமிருந்து ஒரு வார்த்தையும் வராத நிலையில் ஒரு நாள் ஒருவர் அழைத்து, இன்னாரைத் தெரியுமா என்று கேட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் வேலை பார்த்த பையன். இரவுப் பணியில் வாட்டுதல் பார்த்தாரா, உலர்த்தும் பகுதியில் இருந்தாரா என்று நினைவுக்குக் கொண்டுவரவே எனக்கு நேரம் பிடித்தது. நான் தயங்கித் தயங்கிப் பேசியதை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டிருப்பார் என்று அன்று இரவு வரை வருந்தினேன். ஆகவே, அம்மா, பெயர் கொடுக்கும் முன் போன் செய்யுங்கள். என்ன வேலை, எந்த நிறுவனம், அழைப்பவர் யார் என்பதோடு, நம்முடன் நீங்கள் இருந்தபோது செய்தவற்றில் இரண்டை நினைவூட்டுங்கள். இப்படிச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். அது காதுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து, எங்களைப் போன்றவர்களை எங்கே, எப்போது பிடிக்கலாம் என்பதையும் கன்சல்டன்சிக்கு எழுதுங்கள். நான் இருக்கும் பக்கம் வீட்டுக்குள் சிக்னல் வராது. வாசலில் நின்றால்தான் பேச முடியும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மின்சாரமும் போய்விடும். உங்கள் டேஸ்டர் வியாழனும் வெள்ளியும் ஏலத்தில் இருப்பார். அந்த நாட்களில் பத்து முறை அடித்தாலும் எடுக்க மாட்டார். இவை தெரியாத பெங்களூர்க்காரர், ‘இருமுறை அழைத்தும் பதில் இல்லை’ என்று உங்கள் கோப்பில் எழுதிவிடுவார். குற்றம் யாருடையதும் இல்லை. பாதிப்பு மட்டும் உங்களுக்கு.

கோத்தகிரி_இலை (வெள்ளி, மாலை 6.10)

நேற்று இரவு ஐயா எழுதிக்கொடுத்ததை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். இன்று பதில் வந்தது. ‘பரவாயில்லை, உங்கள் விவரத்தை அனுப்பிவிட்டோம், கடைசிச் சுற்றுக்குப் பிறகு நிறுவனத்தின் எச்.ஆர். தொலைபேசியில் பேசுவார், படிவத்தில் அந்தப் பகுதியை நாங்களே நீக்கிவிட்டோம்’ என்று மூன்று வரி. நான் நான்கு நாட்கள் தூங்காமல் இருந்ததற்கு மூன்று வரியில் முடிந்துவிட்டது.

கோத்தகிரி_இலை (மூன்று வாரம் கழித்து, திங்கள், இரவு 8.45)

நடந்ததைப் பதிவு செய்கிறேன். என்னைப் போல் யாராவது தேடி வந்தால் பயன்படலாம்.

கோயம்புத்தூரில் இரண்டு சுற்று நேர்காணல் முடிந்தது. இரண்டாவதில் எட்டுக் கோப்பைத் தேநீர் வைத்துத் தரம் பிரிக்கச் சொன்னார்கள், நன்றாகவே செய்தேன். மறுநாள் கன்சல்டன்சியிலிருந்து, இப்போது ரெஃபரன்ஸ் அனுப்புங்கள் என்று எழுதினார்கள். இருவருக்கும் அன்று மாலையே போன் செய்து பேசிவிட்டு, இப்படி அனுப்பினேன்:

> தாங்கள் கேட்டபடி இருவரின் விவரங்களைக் கீழே தருகிறேன். இருவரிடமும் இன்று பேசிவிட்டேன். இந்தப் பணிக்காக மட்டும் பயன்படுத்த ஒப்புதல் தந்திருக்கிறார்கள். முதலாமவர் என் முந்தைய மேலாளர். மாலை 4 மணிக்கு மேல் கிடைப்பார். அழைக்கும் முன் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்துவிடுவார். இரண்டாமவர் டீ டேஸ்டர். திங்கள் முதல் புதன் வரை அழைக்கலாம். வியாழன், வெள்ளி ஏல நாட்கள். அழைக்கப்போகும் எண்ணை முன்கூட்டியே தெரிவித்தால் அவர்களிடம் சொல்லிவைப்பேன்.

விவரங்களைத் தனி மின்னஞ்சலாக அனுப்பினேன், பயோடேட்டாவோடு சேர்க்கவில்லை. அப்படியிருந்தும் ஒரு தடங்கல் வந்தது. எச்.ஆர். குறுஞ்செய்தி அனுப்பாமல் 0422 எண்ணிலிருந்து நேராக அழைத்திருக்கிறார். என் பழைய மேலாளரின் கைபேசியில் அது விளம்பர அழைப்பு என்று காட்டியதால் அவர் துண்டித்துவிட்டார். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் நானே கன்சல்டன்சிக்கு எழுதி, அழைப்பு நடந்ததா என்று ஒரே வரியில் கேட்டேன். கேட்டிருக்காவிட்டால் அது தெரிந்தே இருக்காது. பிறகு ஒரு கைபேசி எண்ணிலிருந்து அழைத்துப் பத்து நிமிடம் பேசியிருக்கிறார்கள். டேஸ்டரிடமும் பேசினார்கள். எங்கள் தொழிற்சாலையில் இதுவரை யாருக்கும் தெரியாது.

இன்று ஆஃபர் லெட்டர் வந்தது. அதில் ஒரு வரி: ‘தற்போதைய நிறுவனத்திடமிருந்து திருப்தியான ரெஃபரன்ஸ் பெறப்படுவதற்கு உட்பட்டது.’ ஏற்கும் முன் தற்போதைய இடத்தைத் தொட வேண்டாம் என்று கேட்டதை அவர்கள் மதித்தார்கள். ஆனால் ஏற்ற பிறகு தொடப்போகிறார்கள். என் நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். நான் ராஜினாமா கொடுத்த பிறகு, கோபத்தில் இருக்கும் மேலாளர் ஏதாவது சொல்லி, இந்த ஆஃபர் ரத்தானால் இரண்டு வேலையும் போய்விடும். என்ன எழுதுவது?

கூடலூர்_தம்பி (திங்கள், இரவு 9.15)

வாழ்த்துகள், அக்கா! அந்த வரி எல்லா ஆஃபரிலும் இருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

சிம்ஸ்பார்க்_ஓரம் (திங்கள், இரவு 10.20)

வாழ்த்துகள், சகோதரி. தம்பி சொல்வது போல் அந்த வரி பொதுவானதுதான். ஆனால் பொதுவானது என்பதால் ஆபத்து இல்லாமல் போய்விடாது. ‘திருப்தியான’ என்ற சொல்லுக்கு அளவு கிடையாது. ஒருவர் கோபத்தில் சொல்லும் ஒரு வாக்கியம் போதும். கையெழுத்திடும் முன், கன்சல்டன்சிக்கும் நிறுவன எச்.ஆருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். இரண்டு வழிகளை முன்வைத்து, அவர்களுக்கு எளிதானதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்கெனவே பெற்ற இரண்டு ரெஃபரன்ஸே அந்த நிபந்தனையை நிறைவு செய்கிறது என்று எழுத்தில் உறுதி செய்யலாம். அல்லது, தற்போதைய நிறுவனத்திடம் பதவியும் பணிக்காலமும் மட்டும் சரிபார்க்கப்படும், அதுவும் நீங்கள் சேர்ந்த பிறகு ரிலீவிங் லெட்டர், படிவம் 16, வைப்பு நிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கொண்டு நடக்கும் என்று அந்த வரியை மாற்றலாம். இரண்டாவதைப் பல நிறுவனங்கள் தயங்காமல் ஏற்கும். தம்பி முதல் நாளே சொன்ன காகிதங்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன.

தொலைபேசியில், ‘அது சும்மா ஒரு வரி, கவலைப்படாதீர்கள்’ என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அதையே மின்னஞ்சலில் எழுதி அனுப்புமாறு கேளுங்கள்.

ஓய்வுபெற்ற_மேனேஜர் (செவ்வாய், காலை 7.10)

ராஜினாமா கொடுக்கும் நாளில் மேலாளரிடம் கடிதத்தை நீட்டும் முன், பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள், அம்மா. எத்தனையோ பேர் என் மேசையில் கடிதத்தை வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். உட்கார்ந்து பேசியவர்களுக்கு நான் ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை.

கொடை_ஆசிரியை (செவ்வாய், காலை 8.30)

இதைத்தான் நான் தொடக்கத்திலேயே சொன்னேன்.

கோத்தகிரி_இலை (செவ்வாய், இரவு 9.00)

இரண்டு வழிகளையும் எழுதி அனுப்பிவிட்டேன். கன்சல்டன்சிப் பெண்மணி மாலையில் அழைத்து, இரண்டாவது வழிக்கு வாய்ப்பு இருப்பதாகவும், ஆனால் நிறுவனத்தின் எச்.ஆர். விடுப்பில் இருப்பதால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் எழுத்தில் கிடைக்கும் என்றும் சொன்னார். ஆஃபரை ஏற்க வேண்டிய கெடு வியாழன். கெடுவை அடுத்த திங்கள் வரை நீட்டித்துத் தருமாறு இப்போது எழுதியிருக்கிறேன். அந்தப் பதில் வரும் வரை ராஜினாமாக் கடிதம் என் பையிலேயே இருக்கும்.